எட்டாம் தேதிக்கு இரண்டு மாதம்

மாதத்தின் ஏழாம் தேதி வந்தால் இன்றைக்கும் எனக்கு எதையோ கட்ட மறந்த மாதிரி இருக்கும். வேலையை விட்டு வருடங்கள் ஆகிவிட்டன, யாருக்கும் நான் எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஆனாலும் காலண்டரில் அந்த எண்ணைப் பார்த்ததும் கை சட்டைப் பையில் பேனாவைத் தேடுகிறது.

செகந்திராபாத் பக்கம் மல்லாபூரில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் கணக்கு எழுதினேன். முதலில் இரும்பு அலமாரி செய்துகொண்டிருந்தார்கள். நகரத்தின் மேற்கே கண்ணாடிக் கட்டடங்கள் எழும்ப ஆரம்பித்ததும் முதலாளி சட்டென்று திசை மாற்றிக்கொண்டார். சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கு மேஜைத் தடுப்பு, மர கேபின், நாற்காலி என்று செய்யத் தொடங்கினார். சரக்கை நாங்கள் செய்வோம். கொண்டுபோய் மாட்டுவது கான்ட்ராக்ட்காரர்கள். அவர்கள் பில் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி பாஸ் ஆகும். பில் தொகையில் வருமான வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அவர்களுக்குக் கொடுப்போம். பிடித்த வரியை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் அரசாங்கத்தில் கட்டிவிட வேண்டும். டி.டி.எஸ். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

எங்கள் குடும்பம் தாத்தா காலத்திலிருந்து செகந்திராபாத்தில். நான் இருப்பது லோத்குண்டாவில். தமிழும் தெலுங்கும் தக்னி உருதுவும் ஒரே வாக்கியத்தில் வந்து விழும் வாய் எனக்கு. கணக்கில் மட்டும் கலப்படம் கிடையாது என்று அந்த நாட்களில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். யாராவது குறுக்கே ஏதாவது சொன்னால் மூக்கின் மேல் கோபம் வந்துவிடும். ஆபீஸில் இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே ஒதுங்கிப் போவார்கள்.

ஒதுங்கிப் போகாதவள் அந்தப் பெண் ஒருத்திதான். 2011-ல் எனக்கு உதவியாளராகச் சேர்ந்தாள். திருநெல்வேலிப் பக்கம். கணவர் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு ராத்திரி ஷிப்ட் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். மல்லாபூரிலேயே ஒற்றை அறை வீடு, பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். அவள் சம்பளம் ஒன்பதாயிரம். எந்த ஃபைலை எடுத்தாலும் ஒவ்வொரு தாளின் மேல் மூலையிலும் சிவப்புப் பேனாவால் பக்க எண் போட்டுவிடுவாள். இது என்ன கோர்ட்டா என்று கேலி செய்வேன். சிரித்துக்கொண்டே அடுத்த எண்ணைப் போடுவாள்.

2012 ஏப்ரலில் ஆரம்பித்தது அது. பெரிய கம்பெனிகள் எங்களுக்குத் தர வேண்டிய பணத்தை எட்டாம் தேதிதான் அனுப்பும். நாங்கள் வரி கட்ட வேண்டியது ஏழாம் தேதி. ஏழாம் தேதி கட்டினால் பாங்க் ஓவர்டிராஃப்ட் எல்லையைத் தாண்டிவிடும், அன்றைக்கு வர வேண்டிய பிளைவுட்டுக்கு செக் திரும்பும். முதலாளி என்னைக் கூப்பிட்டு, வரியை ஒரே ஒரு நாள் தள்ளிக் கட்டினால் என்ன தண்டம் என்று கேட்டார். மாதத்துக்கு ஒன்றரை சதவீதம், மாதத்தில் ஒரு பகுதி ஆனாலும் முழு மாதமாக எண்ணுவார்கள் என்றேன். அப்படியென்றால் ஒரு நாளுக்கு ஒன்றரை சதவீதமா என்றார். ஆமாம் சார், ஒன்றரைதான் என்று ஒரு நொடி கூட யோசிக்காமல் சொன்னேன். அவர் மனக்கணக்குப் போட்டார். மாதா மாதம் சுமார் மூன்று லட்சம் வரி, அதற்கு நாலாயிரத்து ஐந்நூறு தண்டம். பரவாயில்லை, செக் திரும்புவதைவிட இது மலிவு என்றார்.

என் கணக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். வீட்டு வரி கட்டிப் பழகியவன் நான். வீட்டு வரியில் கெடு தேதி தாண்டிய பிறகுதான் தண்டம் ஆரம்பிக்கும். எல்லாத் தண்டமும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஏழாம் தேதி கெடு, எட்டாம் தேதி கட்டுகிறோம், நடுவில் ஒரு நாள், அது ஒரு மாதத்தின் துண்டு, ஆக ஒரு மாதம். சட்டத்தில் இருந்ததை நான் படித்திருந்தேன், ஆனால் அதில் எந்த நாளிலிருந்து என்ற வார்த்தையை என் கண் தாண்டிப் போயிருந்தது. முன்பெல்லாம் இதை யாரும் உட்கார்ந்து எண்ணியதும் இல்லை. ஏதோ கொஞ்சம் வட்டி கட்டியிருந்தால் விட்டுவிடுவார்கள்.

மே எட்டாம் தேதி கட்டுவதற்காக அவள் கணக்குத்தாள் தயாரித்துக் கொண்டுவந்தாள். தட்டச்சுத் தாள் ஒன்று, அதன் பின்னால் கையால் எழுதிய இன்னொரு தாள். வட்டியை ஒன்றரை என்றும் மூன்று என்றும் இரண்டு பத்தியாகப் போட்டிருந்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"சார், இது ஏழாந்தேதில இருந்து எண்ணக் கூடாதுல்லா," என்றாள். "வரியப் புடிச்ச தேதில இருந்து, கட்டுற தேதி வரைக்கும். கான்ட்ராக்ட்காரவளுக்கு அஞ்சாந்தேதி புடிச்சிருக்கோம். ஏப்ரல் அஞ்சுல இருந்து மே அஞ்சு ஒரு மாசம். அதுக்கு மேல எட்டு வரைக்கும் ஒரு துண்டு. ரெண்டு மாசம் ஆயிருது சார்."

மாதக் கடைசியில் வாடகைக்கும் எஞ்சினியர் ஃபீஸுக்கும் பிடித்தோமே, அதற்கு ஒன்பது நாள் கூட ஆகவில்லையே என்று மடக்கினேன். அதையும் அவள் யோசித்து வைத்திருந்தாள். முப்பது முப்பது நாளாக எண்ணினால் அதற்கு ஒரு மாதம்தான். காலண்டர் மாதமாக எண்ணினால் ஏப்ரலைத் தொட்டாயிற்று, மேயையும் தொட்டாயிற்று, அதுவும் இரண்டு. அங்கே எப்படி எண்ணுவார்களோ தெரியவில்லை, மூன்று கட்டிவிட்டால் பயமில்லை என்றாள்.

அவள் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. அது எனக்கு அப்போதே பாதி புரிந்தது என்பதுதான் விஷயம். ஆனால் முதலாளியிடம் ஒன்றரை என்று சொல்லியாகிவிட்டது. மறுபடி போய், சார் மூன்று, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், என் உதவியாளர் கண்டுபிடித்தாள் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

"நக்கோம்மா, வேண்டாம், ரொம்ப யோசிக்காதே. ஒரு நாள் லேட்டுன்னா ஒரு மாசம். நான் இதெல்லாம் இருபது வருஷமா பாக்குறேன்," என்றேன்.

கையெழுத்துத் தாளின் அடியில் பென்சிலால் 'தேவையில்லை, ஒரு மாதம் போடவும்' என்று எழுதி, என் சுருக்கொப்பத்தைக் கிறுக்கினேன். அவள் அதை வாங்கிப்போய் ஃபைலில் கோர்த்து மூலையில் எண் போட்டாள். பதினான்கு.

அந்த வருடம் எட்டு மாதங்கள் இப்படி எட்டாம் தேதியில் கட்டினோம். ஒவ்வொரு முறையும் வரியோடு ஒன்றரை சதவீதத்தையும் சேர்த்துக் கட்டினோம். அவள் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தயாரித்தவர் என்ற இடத்தில் அவள் சுருக்கொப்பம் இருக்கும். சரிபார்த்தவர் என்ற இடத்தில் நான் கூட்டுத்தொகைக்கு மட்டும் ஒரு டிக் அடிப்பேன்.

நோட்டீஸ் அடுத்த வருடம் ஜூனில் வந்தது. இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் எண்ணுகிறது, ஒரு தாளிலேயே வரிசையாகப் போட்டிருந்தார்கள்: பிடித்த தேதி, கட்டிய தேதி, மாதம். மாதம் என்ற பத்தி முழுவதும் இரண்டு, இரண்டு, இரண்டு. ஐந்தாம் தேதி பிடித்ததற்கும் இரண்டு, கடைசித் தேதி பிடித்ததற்கும் இரண்டு. எட்டு மாத வரி இருபத்திநாலு லட்சம். மூன்று சதவீதம் எழுபத்திரண்டாயிரம். நாங்கள் கட்டியிருந்தது பாதி. மீதி முப்பத்தாறாயிரம் கட்டு என்று வந்திருந்தது.

முதலாளி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். தொகை அவருக்குப் பெரிசில்லை, பிளைவுட் ஒரு லோடுக்கு வராது. ஆனால் ஏமாந்த மாதிரி இருந்தது அவருக்கு. ஒரு நாளுக்கு ஒன்றரை என்று யார் எண்ணியது என்று தெலுங்கில் கேட்டார். போன வருடம் நான் வாயால் சொன்னது அவருக்கு நினைவில் இல்லை. மேஜையில் கணக்குத்தாள்கள் விரிந்து கிடந்தன, எல்லாவற்றிலும் தயாரித்தவர் அவள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, அவ்வளவு நிச்சயமாக எனக்கு நினைவிருக்கிறது. நான் பேசுவேன் என்று காத்திருந்தாள், அவ்வளவுதான்.

நான் சொன்னது இது. "கணக்கு அம்மாதான் சார் போடறது. நான் டோட்டல் மட்டும் பாக்குறேன்."

இதில் பொய் ஒரு வார்த்தை இல்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை இந்த வாக்கியத்தை உருட்டிப் பார்த்துவிட்டேன். பொய்யே இல்லாமல் அவ்வளவு அயோக்கியத்தனம் செய்ய முடியும் என்று அன்றைக்கு முன் எனக்குத் தெரியாது.

ஜூலையிலிருந்து மாதம் மூவாயிரமாகப் பன்னிரண்டு மாதம் அவள் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னார் முதலாளி. அப்படிப் பிடிப்பது சட்டப்படி செல்லுமா என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. அந்த மார்ச்சில்தான் அவள் கணவர் பைக்கில் விழுந்து தொடை எலும்பு முறிந்து, கம்பி வைத்துப் படுத்திருந்தார். ஆறு மாதம் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் ஒன்பதாயிரத்தில்தான் மூன்று பேர் சாப்பாடு, வாடகை, மகள் ஃபீஸ். எல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

அவள் ஏன் வாய் திறக்கவில்லை என்று அப்போது புரியவில்லை. ஃபைலில் தாள் இருக்கிறது, நேரம் வரும்போது சாரே எடுப்பார் என்று நினைத்திருக்க வேண்டும். நான் எடுக்கத்தான் செய்தேன். அன்று மதியம் அவள் சாப்பிடப் போனதும் ஃபைலைத் திறந்து, அந்தக் கையெழுத்துத் தாளைக் கழற்றி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டில் வீட்டு வரி ரசீதுகள் இருக்கும் கவருக்குள் செருகினேன். கிழித்துப் போடவும் தைரியம் இல்லை.

மனைவி கவனித்துவிட்டாள். அவளும் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், 'ஏன்' என்பதற்கு தக்னியில் 'கைக்கு' என்பாள்.

"கைக்கு ரெண்டு நாளா சோத்தைத் தொடாம எந்திரிக்கறீங்க?" என்றாள். ஆபீஸில் வேலை அதிகம் என்று எரிந்து விழுந்தேன். ஹவ் ஹவ், ஆமா, எப்பவும் ஆபீஸ்தான் என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூலை கடைசியில் அந்தப் பெண்ணுக்கு ஆறாயிரம் கொடுத்தார்கள். ஆகஸ்ட் கடைசியிலும் ஆறாயிரம். சம்பளக் கவர்களை எண்ணி வைப்பது நான். ஆகஸ்டில் மதியச் சாப்பாட்டு டப்பா கொண்டுவருவதை அவள் நிறுத்தியிருந்தாள். பசியில்லை என்பாள். ஒரு நாள் பக்கத்து மேஜைக்காரர் சமோசா நீட்டியபோது அதை அப்படியே பேப்பரில் சுற்றி மகளுக்கென்று பையில் வைத்தாள். நான் தலையைக் குனிந்து பேரேட்டில் ஏதோ தேடுவதாக நடித்தேன். எனக்கு என்மேல் வந்த வெறுப்பைக்கூட மற்றவர்கள் மேல்தான் கத்தித் தீர்த்தேன். அந்த மாதம் பியூனை இரண்டு முறை அழ வைத்தேன்.

செப்டம்பர் முதல் வாரம் அவள் வேலையை விட்டாள். நாச்சாரத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஸ்டோரில் எட்டாயிரத்துக்கு இடம் கிடைத்திருந்தது. இங்கே எழுத்தில் ஒன்பது, கையில் ஆறு. போகும் முன் எல்லா ஃபைல்களையும் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் முதலில் ஒரு பட்டியல் எழுதி வைத்தாள். எந்தப் பக்கத்தில் என்ன தாள் என்று. என் மேஜையில் வைத்துவிட்டு, சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று நின்றாள்.

டி.டி.எஸ். ஃபைலைத் திறந்தேன். 12, சலான். 13, கணக்குத்தாள். அடுத்த வரியில் அதே சீரான கையெழுத்தில்: 14, சாரிடம் உள்ளது.

ஃபைலைப் புரட்டினேன். பதின்மூன்று, அடுத்து பதினைந்து. சிவப்பு எண்கள். இரண்டு வருடமாகக் கேலி செய்த அந்த எண்களை, தாளைக் கழற்றிய அன்றைக்கு நான் பார்க்கவே இல்லை. அவள் ஜூனிலேயே பார்த்திருப்பாள். இரண்டரை மாதம், மாதம் மூவாயிரம் போகப் போக, அந்த இடைவெளியைத் தெரிந்துகொண்டே எனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். பட்டியலின் அடியில் கையெழுத்துப் போட்டேன். அவள் அதை வாங்கிக்கொண்டு, வரேன் சார் என்று கிளம்பினாள்.

மறுநாள் சனிக்கிழமை. பதினான்காம் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய் முதலாளி முன்னால் வைத்தேன். பென்சில் எழுத்தை அவர் இரண்டு முறை படித்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

தள்ளிக் கட்டச் சொன்னது நான், அன்றைக்கே நீங்கள் சொல்லியிருந்தால் முப்பத்தாறையும் நானே கட்டிவிட்டு மறந்திருப்பேன் என்றார். பிறகு மீதி முப்பதாயிரத்தை என் சம்பளத்தில் பிடிக்கும்படி எழுதினார். பிடித்த ஆறாயிரத்தை உங்கள் கைப்பணத்திலிருந்து நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், அந்த அம்மா திரும்பி வந்தால் பத்தாயிரம் தருகிறேன் என்று சொல்லுங்கள் என்றார். என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று மாலை கவரில் ஆறாயிரம் வைத்தேன். அப்புறம் ஒட்டாமல் உட்கார்ந்திருந்தேன். ஜூலை கடைசியில் பிடித்த மூவாயிரம்: ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், மூன்று மாதத்தைத் தொட்டிருக்கிறது, நாலரை சதவீதம், நூற்று முப்பத்தைந்து. ஆகஸ்ட் கடைசியில் பிடித்த மூவாயிரம்: இரண்டு மாதம், மூன்று சதவீதம், தொண்ணூறு. ஆக இருநூற்று இருபத்தைந்து. அதையும் வைத்து ஒட்டினேன். ஆயிரம் இரண்டாயிரம் அதிகமாக வைக்கத்தான் கை போனது. வைத்தால் அது தர்மம் மாதிரி ஆகிவிடும், அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். கணவர் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், வாங்க சார் என்று எழுந்திருக்க முயன்றார். அவருக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை போல. மகள் தரையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். யாரும்மா என்று தெலுங்கில் கேட்டாள். ஆபீஸ் சார் என்றாள் இவள். வாசலிலேயே நின்றுகொண்டு கவரைக் கொடுத்தேன். முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நீ திரும்பி வரலாம், பத்தாயிரம் தருவதாகச் சொன்னார் என்றேன். மன்னித்துவிடும்மா என்று சொல்லத்தான் போனேன். அதைச் சொல்லவில்லை.

அவள் கவரைப் பிரித்து நின்ற இடத்திலேயே எண்ணினாள். சில்லறை வரைக்கும் எண்ணினாள். இருநூற்று இருபத்தைந்தில் அவள் விரல் நின்றது. உதடு லேசாக அசைந்தது. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று அவள் மனதுக்குள் எண்ணுவது எனக்குத் தெரிந்தது. பிறகு ரூபாயை மடித்துக் கவருக்குள் வைத்தாள்.

"கணக்கு சரியா இருக்கு சார்," என்றாள். "வேலைக்கு நான் வரல. அந்தப் பதினாலாம் பக்கத்த மட்டும் மறக்காம ஃபைல்ல கோர்த்துருங்க."

உள்ளே வாங்க என்று அவள் சொல்லவில்லை. திங்கட்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்பே ஆபீஸுக்குப் போய், தாளைப் பதின்மூன்றுக்கும் பதினைந்துக்கும் நடுவில் கோர்த்தேன். நாலாக மடித்த மடிப்பு போகவில்லை. பட்டியலில் 'சாரிடம் உள்ளது' என்ற வரியை அடிக்கலாமா என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை.